பேச்சு எழுத்தாகும் வழியும் அதில் பிழை புகும் இடங்களும்

நம் சங்கங்களின் பழைய விழாப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அவற்றில் உள்ள பேச்சை நேரக்குறிப்புடன் எழுத்தாக்கும் வேலை பல ஊர்களிலும் தொடங்கியிருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத இரண்டு நாள் ஆகும். கணினி நிரல் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஆனால் நாளைக்கு அந்தப் பதிவை முழுவதும் உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். எழுத்துப்படியில் இருப்பதையே எல்லோரும் நம்புவார்கள். ஆகவே அது எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் பிழை நுழைகிறது என்று அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பரவலாகப் பயன்படும் 'விஸ்பர்' என்ற நிரலை வைத்து விளக்குகிறேன். இதை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

முதல் வேலை, வீடியோவிலிருந்து ஒலித்தடத்தை மட்டும் பிரிப்பது. அதற்கான கட்டளை இது:

```
ffmpeg -i vizha.mp4 -vn -ac 1 -ar 16000 vizha.wav
```

படத்தை விட்டுவிடு, ஒலியை ஒரே தடமாக்கு, செகண்டுக்கு 16,000 முறை அளந்து எழுது என்பது இதன் பொருள். இதன் பின் ஒலி வெறும் எண் வரிசையாகிவிடுகிறது. நிரல் இந்த வரிசையை முப்பது முப்பது செகண்டாக எடுத்துக்கொள்கிறது. ஒரு துண்டில் 4,80,000 எண்கள் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டும் படம்போல் மாற்றப்படுகிறது. செகண்டில் நூறில் ஒரு பங்குக்கு ஒரு முறை நிரல் ஒலியைப் பார்த்து, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை 80 பட்டைகளில் எதில் எவ்வளவு வலு இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. (2023-ல் வந்த பெரிய பதிப்பில் 128 பட்டைகள்.) முப்பது செகண்டுக்கு 3,000 குறிப்புகள் சேரும். 'ஆ' என்ற உயிரும் 'ஸ்' என்ற மெய்யும் இந்தப் படத்தில் வேறு வேறு கோலமாகத் தெரியும்.

இதுவரை நடந்தது அளவு எடுக்கும் வேலை. இனிமேல் நடப்பதெல்லாம் ஊகம்.

கோலத்தைப் பார்த்த நிரல், 'இந்த ஒலிக்கு எந்த எழுத்துத் தொடர் பொருந்தும், இதுவரை நான் எழுதியதற்குப் பின் எது வரக்கூடும்' என்ற இரண்டையும் சேர்த்து எடைபோட்டு, துணுக்குத் துணுக்காக எழுதிக்கொண்டு போகிறது. இந்த எடைபோடும் பழக்கம், ஏற்கெனவே எழுத்துப்படியுடன் இணையத்தில் கிடைத்த 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு 2022-ல் அதற்கு ஊட்டப்பட்டது. அதில் பெரும்பங்கு ஆங்கிலம். ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்துச் சுமார் 1,17,000 மணி நேரம்தான். தமிழ் அந்த 96-ல் ஒன்று.

நேரக்குறிப்பும் இதே ஊகத்தின் ஒரு பகுதிதான் என்பதைப் பலர் அறிவதில்லை. நிரலின் சொல்தொகுதியில் எழுத்துகளோடு 0.00, 0.02, 0.04 என்று 30.00 வரை நேர அடையாளங்களும் இருக்கின்றன. வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று அவற்றையும் எழுத்தைப் போலவே எழுதுகிறது. கடிகாரம் வைத்துக் குறிக்கும் நேரம் அல்ல இது.

இனி ஓர் உதாரணத்துடன் பிழைகளைப் பார்ப்போம். ஒரு சங்கத்தின் பொன்விழாப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பாளர் ஒருவர் இந்தியில் ஓரிரு நிமிடம் விருந்தினரை வரவேற்கிறார். பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர் தமிழில் முக்கால் மணி நேரம் பேசுகிறார்.

முதல் பிழை முதல் அரை நிமிடத்திலேயே வந்துவிடும். மொழி எது என்று நாம் சொல்லாவிட்டால், நிரல் முதல் 30 செகண்டைக் கேட்டு மொழியை முடிவு செய்து, அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளும். இங்கே அது இந்தி என்று முடிவு செய்யும். பெரியவரின் தமிழ்ப் பேச்சு முழுவதையும் இந்தியாகக் கேட்க முயன்று பொருளற்ற வரிகளை எழுதித் தள்ளும். வெளிமாநிலத்தில் விழா நடத்தும் நமக்கு இது அடிக்கடி நேரக்கூடியது. கட்டளையிலேயே மொழியைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது:

```
whisper vizha.wav --model medium --language ta --output_format srt
```

அப்போது இந்தி வரவேற்புதான் கெடும். அதைத் தனியாக வெட்டி, தனியாக ஓட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது பிழை ஆபத்தானது, ஏனென்றால் பார்வைக்குத் தெரியாது. பெரியவர் சொல்கிறார்: சங்கத்துக்குக் கட்டடம் இல்லாத காலத்தில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைக் கூட்டத்துக்குக் கொடுத்தார், "ஒரு நாளும் வாடகை கேக்கல." நிரல் எழுதுவது இது:

```
214
00:12:38,000 --> 00:12:41,500
ஒரு நாளும் வாடகை கேட்கலாம்.
```

கேட்காத மனிதர் கேட்கக்கூடியவராகிவிட்டார். காரணம் நம் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. எழுத்தில் 'கேட்கவில்லை', 'கேட்கலாம்' என்று வெகு தூரத்தில் நிற்கும் இரு சொற்கள், பேச்சில் 'கேக்கல', 'கேக்கலாம்' என்று நெருங்கிவிடுகின்றன. 'லாம்' என்பதன் மகரமும் பேச்சில் முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது குறிலா நெடிலா என்ற வித்தியாசமும் அந்த மெல்லிய மூக்கொலியும்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நம் இலக்கணம். அந்த ஒரு மாத்திரை வித்தியாசத்தை மின்விசிறி இரைச்சலும் மண்டபத்தின் எதிரொலியும் எளிதில் அழித்துவிடும். எதிரொலி குறிலை நீட்டிக் காட்டும். அப்போது ஒலி கைகொடுக்காததால் நிரல் பழக்கத்தை நம்பி ஒன்றை எழுதுகிறது. அது எழுத்துப்பிழையற்ற நல்ல தமிழ்ச் சொல்லாக இருப்பதால் நம் கண் அதில் தடுக்குவதில்லை.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இதே வகையில் கெடும். கேட்டிராத பெயருக்கு, ஒலியில் நெருங்கிய, கேட்டுப் பழகிய சொல்லை நிரல் போட்டுவிடும். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே ஒலிப்பவர் பேசினால், எது வரும் என்பதைப் பக்கத்துச் சொற்கள்தான் முடிவு செய்யும். பெயருக்குப் பக்கத்துச் சொல் உதவாது.

மூன்றாவது பிழை பேச்சே இல்லாத இடத்தில் வருகிறது. பெரியவர் 12:43-ல் நிறுத்துகிறார், கைதட்டல் 12:55 வரை நீள்கிறது. எதையாவது எழுதிப் பழகிய நிரல், அந்தப் பன்னிரண்டு செகண்டில் யாரும் சொல்லாத ஒரு வரியை எழுதக்கூடும். பார்த்ததற்கு நன்றி என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வரும். இணைய வீடியோக்களின் முடிவில் இசைக்கு மேல் அப்படி எழுதியிருந்ததைக் கற்றுக்கொண்டதன் விளைவு இது. 'இங்கே பேச்சில்லை' என்று கணிக்கும் ஏற்பாடு நிரலில் உண்டு. ஆனால் அதுவும் ஊகம்தான், கைதட்டலிலும் நாதஸ்வரத்திலும் ஏமாந்துவிடும்.

இதோடு சேர்ந்து வருவது துண்டு மாறும் இடத்துப் பிழை. 12:30-ல் தொடங்கிய துண்டு 13:00-ல் முடிய வேண்டும். பெரியவரோ 12:55-ல் ஆரம்பித்த வாக்கியத்தை 13:04-ல்தான் முடிக்கிறார். பாதி வாக்கியத்தை எழுதாமல் விட்டு, அது தொடங்கிய 12:55-லிருந்தே அடுத்த துண்டை எடுப்பது நிரலின் முறை. நல்ல முறைதான். ஆனால் 12:55 என்பதே ஊகித்த நேரம். கைதட்டலில் குழம்பி அதை 12:57 என்று எழுதிவிட்டால், இடையில் இரண்டு செகண்டில் சொன்ன நாலைந்து சொற்கள் எந்தத் துண்டிலும் சேராமல் மறைந்துவிடும். ஒரு துண்டில் எழுதியதை அடுத்த துண்டுக்கு முன்கதையாகக் கொடுப்பதும் வழக்கம் என்பதால், ஒரே வரி திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் நிமிடக் கணக்கில் அதிலேயே சுற்றும். கட்டளையின் முடிவில் `--condition_on_previous_text False` என்று சேர்த்தால் இந்தச் சுழல் பெரும்பாலும் நின்றுவிடும். பதிலுக்கு, ஒரே பெயர் துண்டுக்குத் துண்டு வேறு எழுத்தில் வருவது கூடும்.

நேரத் தவறு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. படத்தையும் எழுத்தையும் சேர்த்து ஓட்டி, தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று இடங்களில் உதட்டசைவோடு ஒப்பிடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு முன்பின் இருந்தால், ஒலித்தடம் படத்தோடு சேர்ந்து தொடங்கவில்லை என்று பொருள். எல்லா நேரத்தையும் ஒரே எண்ணால் நகர்த்தினால் போதும். வித்தியாசம் போகப் போகக் கூடினால், படமும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் மாற்றப்பட்டிருக்கின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு வேக வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 3.6 செகண்டாகிவிடும். இதற்கு எல்லா நேரத்தையும் விகிதத்தால் பெருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தவறி, பின் தானே சரியாகிவிட்டால், அதுதான் நிரலின் ஊகப் பிழை. ஒவ்வொரு துண்டும் எத்தனையாவது எண்ணில் தொடங்குகிறது என்பது நிரலுக்குச் சரியாகத் தெரியும். ஆகவே அதன் நேரப்பிழை அடுத்த துண்டுகளில் சேர்ந்து வளராது.

எழுத்துப்படியைச் சரிபார்ப்பவருக்கு முக்கால் மணிப் பேச்சையும் வரிக்கு வரி கேட்க நேரமில்லாமல் போகலாம். அப்படியானால் நான் சொல்லும் வரிசை இது. முதலில், ஒரு வரியின் முடிவுக்கும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கும் இடையே இரண்டு செகண்டுக்கு மேல் வெற்றிடம் உள்ள இடங்களைக் கேளுங்கள். அடுத்து, கைதட்டல், பாட்டு வரும் இடங்களில் வந்த வரிகளையும் அவற்றை ஒட்டி முன்னும் பின்னும் வந்த வரிகளையும் கேளுங்கள். பிறகு, 'லாம்' என்றும் 'ல்லை' என்றும் முடியும் வரிகளைத் தேடி ஒவ்வொன்றையும் காதால் கேளுங்கள். கடைசியாக, ஆண்டு, தொகை, பெயர் எல்லாவற்றையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்.

இதில் மூன்றாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். தொலைந்த சொல்லைக் காலி இடம் காட்டிக்கொடுக்கும், இல்லாத வரியைக் கைதட்டல் காட்டிக்கொடுக்கும். வாடகை கேட்காதவரைக் கேட்டவராக்கிய வரியைக் காட்டிக்கொடுக்க எழுத்தில் ஒன்றும் இராது. அதற்குக் காது ஒன்றுதான் வழி.