இத்தாலிக்குப் போகும் 'ஆள் தேவை': புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கம்பெனிகள் இத்தாலியிலிருந்து ஆள் தேடுவது புதிதல்ல. பெரும்பாலும் தேடப்படுபவர் ஷூ பேட்டர்ன் போடும் நிபுணர். உங்கள் கைக்கு இப்படி ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "ஷூ டிசைனர் தேவை. ஆண், 40 வயதுக்குள். ஃபுட்வேர் டிப்ளமோ, பேட்டர்ன் மற்றும் கிரேடிங்கில் ஐந்து வருட அனுபவம். 45,000 யூரோ, தங்குமிடம், சாப்பாடு, கார். தற்போதைய சம்பளத்தைக் குறிப்பிடவும்."

1. முதலில் வேலை என்னவென்று முதலாளியிடம் கேளுங்கள். இத்தாலியில் ஷூவை வரைந்து கற்பனை செய்பவர் 'ஸ்திலிஸ்தா'. அந்த வரைபடத்தை லாஸ்ட் மேல் ஏற்றி, துண்டு துண்டாகப் பேட்டர்ன் எடுத்து, எல்லா சைஸுக்கும் பெருக்கித் தருபவர் 'மொதெல்லிஸ்தா'. நம் விளம்பரத்தில் பேட்டர்னும் கிரேடிங்கும் இருப்பதால் தேவைப்படுபவர் இரண்டாமவர். 'டிசைனர்' என்றே விட்டால் வரைபவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள்.

2. 'ஆண், 40 வயதுக்குள்' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம், நீக்கச் சொல்லுங்கள். இத்தாலியின் 2006ஆம் ஆண்டுச் சமவாய்ப்புச் சட்டத் தொகுப்பு வேலைக்கு எடுப்பதில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வயதுப் பாகுபாட்டுக்கு 2003ஆம் ஆண்டின் ஆணை இருக்கிறது. இங்கேயும் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆள் எடுப்பில் ஆண் பெண் பேதம் கூடாது என்றே சொன்னது. முதலாளி தயங்கினால், வயதைச் சொல்லி அவர் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். "வந்தவர் உடனே திரும்பிப் போய்விடக் கூடாது" என்பார். அப்படியானால் 'குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம்' என்று எழுதுங்கள்.

3. இத்தாலிய மொழியில் பெயர்ச்சொல்லுக்கே பால் உண்டு. இத்தாலிய விளம்பரங்களின் அடியில் 1977, 1991 சட்டங்களைக் காட்டி 'இரு பாலரும் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு வரி இருப்பதைப் பார்ப்பீர்கள். அதை ஒட்டிவிட்டு மேலே எல்லாவற்றையும் ஆண்பாலில் எழுதினால் பயனில்லை. படிக்கிற பெண் தலைப்பிலேயே நின்றுவிடுவார். 'மொதெல்லிஸ்தா' நல்வாய்ப்பாக இரு பாலுக்கும் பொது. ஆனால் 'அனுபவமுள்ள', 'தேர்ச்சி பெற்ற' போன்ற அடைகளில் ஆண்பால் விகுதி ஒட்டிக்கொள்ளும். அதற்கு நான் நம்பும் வழி, வாக்கியத்தை 'பெர்சோனா' என்ற சொல்லின் மேல் கட்டுவது. அது இலக்கணப்படி பெண்பால், பொருளில் எவருக்கும் பொருந்தும். அடைகள் அதைத் தொடர்ந்து இயல்பாக அமைந்துவிடும். தைக்கும் பிரிவுக்கு ஆள் என்றால் 'ஒபெராயோ, ஒபெராயா' என்று இரண்டையும் எழுதுங்கள். விகுதி இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறியோ, தலைகீழ் 'e' எழுத்தோ போடும் வழக்கம் அங்கே சிலரிடம் உண்டு. அதிகாரபூர்வ எழுத்தில் அவை வேண்டாம் என்று க்ருஸ்கா மொழிக் கழகம் 2023இல் கருத்துச் சொன்னது. வணிக விளம்பரத்திலும் தவிர்ப்பதே நல்லது.

4. 'டிப்ளமோ' என்றால் இத்தாலியருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ். நம் பாலிடெக்னிக் படிப்பை 'மூன்றாண்டுத் தொழில்நுட்பப் படிப்பு' என்று விரித்து எழுதுங்கள். பட்டறையிலேயே வேலை கற்ற நல்ல கைகள் அங்கே நிறைய உண்டு. ஆகவே கட்டாயத் தகுதியில் அனுபவத்தை வைத்து, படிப்பை 'இருந்தால் முன்னுரிமை' என்ற பகுதிக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

5. சலுகைப் பகுதியில்தான் பின்னால் சண்டை வரும். அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. எனவே 45,000 என்பதை 45.000 என்று எழுத வேண்டும். எண்ணை மட்டும் எழுதினால் ஆண்டு மொத்தச் சம்பளம், வரிக்கு முன், பதின்மூன்று தவணை என்று விண்ணப்பிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். நம் கம்பெனி பன்னிரண்டு மாதமே தரும். பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 3.750, பதின்மூன்றாகப் பிரித்தால் ஏறத்தாழ 3.460. எத்தனை தவணை, வரிக்கு முன்பா பின்பா, இந்தியாவில் வரி யார் கட்டுவது ஆகிய மூன்றும் விளம்பரத்திலேயே இருக்கட்டும். கிராஜுவிட்டியை அவர்களுடைய 'டி.எஃப்.ஆர்.' என்று எழுதிவிடாதீர்கள். அது முதல் ஆண்டிலிருந்தே சேரும். நம்முடையது நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு கழித்தே கிடைக்கும். 'கம்பெனி கார்' என்று எழுதினால், சொந்த உபயோகத்துக்கும் சேர்த்துத் தனக்கே ஒரு கார் என்று வருபவர் நினைப்பார். காலையும் மாலையும் டிரைவர் கொண்டுவிடுவார் என்பது மட்டும்தான் ஏற்பாடு என்றால், வீட்டிலிருந்து ஆலைக்குப் போக்குவரத்து என்று எழுதுங்கள்.

6. 'தற்போதைய சம்பளத்தைக் குறிப்பிடவும்' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய நெறிமுறை அந்தக் கேள்வியையே தடுக்கிறது. சம்பள வரம்பை நேர்காணலுக்கு முன்பே சொல்லவும் கேட்கிறது. ஆம்பூர்க் கம்பெனியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் போகலாம், ஆனால் விண்ணப்பிப்பவர் அந்தப் பழக்கத்தோடுதான் படிப்பார்.

7. முடித்ததும், ஒவ்வொரு இத்தாலிய வரிக்கும் எதிரே அதைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று தமிழில் எழுதி முதலாளியிடம் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகே விளம்பரத்தை அனுப்புங்கள்.