பதினைந்தாவது ஆள்

என் பெரியம்மாவின் மகள் வெள்ளவத்தையில், காலி வீதியோரம் உள்ள ஒரு புடவைக் கடையில் ஆறு வருடங்களாக வேலை செய்கிறார். அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர் வீதிக்கு மறுபக்கம் உள்ள வங்கியில் இருக்கிறார். உயர்தரத்தில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பெறுபேறு. இன்று வங்கியில் இருப்பவருக்குப் பதவி உயர்வு, வருடாந்த லீவு, குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் எல்லாம் உண்டு. ராத்தாவுக்கு முதலாளி “நாளைக்கு வர வேண்டாம்” என்று சொல்லாதவரை வேலை உண்டு.

கெட்டித்தனம் இருந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்படியானால் இந்த இருவரும் ஏன் இப்படிப் பிரிந்தார்கள்? 1971இல் டோரிங்கர், பியோரே என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் எழுதிய நூலொன்று இதற்கு வேறு விடை தருகிறது. தொழிற்சந்தை ஒன்றல்ல, இரண்டு என்றார்கள். முதலாவதில் நுழைவாயில் ஒன்று இருக்கும். அதற்குள் போய்விட்டால் படிப்படியாக மேலே போகலாம். வெளியிலிருந்து யாரும் நடுவில் புகுந்து உங்கள் படியைப் பறிக்க முடியாது. இரண்டாவதில் வாயில் எப்போதும் திறந்தே இருக்கும், ஆனால் உள்ளே படிகளே இல்லை. ராத்தாவின் கடையில் விற்பனையாளருக்கு மேலே இருப்பது காசு மேசை மட்டுமே. அதில் முதலாளியின் மச்சான் இருக்கிறார். ஆறு வருடம் அல்ல, பதினாறு வருடம் நின்றாலும் அந்தக் கதிரை ராத்தாவுக்கு வராது.

இத்தகைய வேலைகள் ஏன் மறையாமல் நிற்கின்றன? பலர் சட்டத்தைக் குறை சொல்வார்கள். தற்செயலாக, அந்த நூல் வந்த அதே 1971இல்தான் இலங்கையில் வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் தொடர்பான சட்டம் வந்தது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முந்திய ஆறு மாதங்களில் சராசரியாகப் பதினைந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்த இடங்களுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு மாதத்தில் 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் பொருந்தாது.

ராத்தாவின் கடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண மாதங்களில் பன்னிரண்டு பேர். நோன்புப் பெருநாளை ஒட்டிய இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆறு பிள்ளைகளை எடுப்பார்கள். நான்கு மாதம் பன்னிரண்டு பேர், இரண்டு மாதம் பதினெட்டுப் பேர். கூட்டி ஆறால் வகுத்தால் பதினான்கு. முதலாளி இதை நினைத்துத்தான் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் அவர் தொடங்கிய இரண்டாவது கடை தம்பியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் பதினைந்தைத் தாண்டிவிடும்.

இதே பதினைந்து பணிக்கொடைச் சட்டத்திலும் வருகிறது. பதினைந்து பேர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். நாற்பதாயிரம் ரூபாய் சம்பளமானால் ராத்தாவின் ஆறு வருடத்துக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். பதினைந்துக்குக் குறைந்தால் தொழில் நியாய சபைக்குப் போய் வாதாடித்தான் எதையும் பெற வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதி மட்டும் இப்படியல்ல, அதற்கு ஆள் கணக்குக் கிடையாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் அவரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். நாற்பதாயிரத்துக்கு முதலாளியின் பங்கு மாதம் ஆறாயிரம் ரூபாய். ராத்தாவுக்கு இது மூன்றாவது வருடத்தில்தான் தொடங்கியது. முதல் இரண்டு வருடமும் அங்கத்துவ இலக்கம் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். ஒரு பாதுகாப்பு இல்லாதபோது, இருக்கிற உரிமையையும் கேட்க முடியாமல் போவதை நான் இங்கேதான் கண்டேன்.

ஆகவே சட்டம் போட்ட கோடுதான் காரணமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் உம்மம்மா சொன்னதைக் கேட்ட பிறகு மாறிவிட்டேன்.

அவருடைய வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் காலத்தில் கப்பல் வேலையைத் தனியார் கம்பனிகள் எடுத்து நடத்தின. காலையில் கேற்றடியில் போய் நிற்க வேண்டும். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் வெறுங்கையோடு வீடு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகு காலத்துக்கு முந்திய கதை இது. பதினைந்து என்ற கோடு இல்லாதபோதே நிச்சயமற்ற வேலை இருந்திருக்கிறது!

கப்பல்கள் ஒரே சீராக வருவதில்லை என்பதே அதன் வேர். வேலை கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் நட்டத்தை யாராவது ஒருவர் சுமக்க வேண்டும். பியோரேயும் இதையே சொல்கிறார்: கேள்வியின் நிலையான பகுதிக்கு முதலாளி நிரந்தர ஆட்களை வைப்பார், ஆடுகிற பகுதிக்கு விட்டுவிடக்கூடிய ஆட்களை வைப்பார். ஒரு பக்கத்தின் உறுதி மறுபக்கத்தின் தள்ளாட்டத்தில்தான் நிற்கிறது.

1958இல் அரசாங்கம் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனத்தை அமைத்து அந்த வேலையைத் தன் கையில் எடுத்தது. பல கம்பனிகளின் கப்பல்கள் ஒரே முதலாளியின் கணக்கில் வந்தன. ஒரு கப்பல் பிந்தினால் இன்னொன்றில் வேலை இருக்கும். ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டியது, தொழிற்சங்கங்களும் விடவில்லை. கேற்றடியில் நின்ற பலர் காலப்போக்கில் மாதச் சம்பளக்காரர் ஆனார்கள். உம்மம்மாவின் வாப்பாவும் அப்படித்தான். அவருடைய படிப்பு கூடவில்லை, தோளும் அதே தோள்தான்.

துறைமுக மதிலுக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில் புறக்கோட்டை. அங்கே நாட்டாமிமார் இன்றும் தள்ளுவண்டியோடு நின்று மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். மொத்தக் கடைகள் நூற்றுக்கணக்கில் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தன் லொறி வரும் நேரத்தில் மட்டும் ஆள் வேண்டும். அந்த நாட்டாமிமாரை யாரும் ஒரே கணக்கில் சேர்க்கவில்லை. மதிலின் இரு பக்கமும் வேலை ஒன்று, வாழ்க்கை இரண்டு.

இந்தக் கோட்பாடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வெள்ளவத்தை டியூஷன் ஆசிரியர்களில் சிலருக்கு நியமனக் கடிதமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. ஆனால் வங்கி முகாமையாளரை விடக் கூட உழைக்கிறார்கள். தேடி வரும் மாணவர் கூட்டமே அவர்களுக்குப் பாதுகாப்பு. சட்டத்தைத் தளர்த்தினால் எல்லோரையும் நிரந்தரமாக எடுப்போம் என்று சொல்லும் முதலாளிமாரை மட்டும் நான் நம்பவில்லை. சட்டம் போனாலும் பெருநாள் வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும்.

ராத்தா இப்போது வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறார். விண்ணப்பத்தில் அனுபவம் கேட்கிறார்களாம். கடையின் ஆறு வருடத்தை எழுதலாமா என்று என்னிடம் கேட்டார். எழுதுங்கள் என்றேன். ஆனால் முதல் இரண்டு வருடத்துக்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இந்த நோன்புக்கும் ஆறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். புடவையைக் கசங்காமல் விரித்து மடிக்கவும், எந்தத் துணி தோய்த்தால் சுருங்கும் என்று பார்க்கவும் ராத்தாதான் அவர்களுக்குப் பழக்குகிறார். பெருநாள் முடிந்த மறுவாரம் அவர்கள் போய்விடுவார்கள்.