வாசலை மறிக்கும் மின்கம்பம்

"வாரியம் நட்ட கம்பத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் தமிழ்நாடு மின் வழங்கல் விதிகளின்படி, கம்பத்தையோ மீட்டரையோ மாற்றக் கேட்பவரே மதிப்பீட்டுத் தொகை முழுவதையும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். அதன் பிறகுதான் வேலை தொடங்கும். எனவே வாதாடுவதைவிடச் செலவைக் குறைக்க வழி தேடுவதே மேல்.

பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மின் இணைப்பு எண், படம், வரைபடத்துடன் மனு கொடுங்கள். அவர் இடத்தைப் பார்த்த பிறகே மதிப்பீடு தயாராகும். கம்பி, கம்பம், கூலி எல்லாம் அதில் சேருவதால் தூரம் கூடக்கூடத் தொகையும் ஏறும். வழியை அடைப்பது இழுகம்பி மட்டுமென்றால் அதை மட்டும் மாற்றக் கேளுங்கள். புதிய இடம் அண்டை வீட்டு வாசலருகே என்றால், அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தை முன்பே வாங்கிவிடுங்கள்; பல வேலைகள் அங்கேதான் நின்றுபோகின்றன. மீட்டர் பெட்டியின் சீலை மட்டும் நீங்களாக உடைக்கவே கூடாது.