கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வருமா?

மாணவருக்கு விஞ்ஞானம்: சுனாமிக்கு முன் கடல் எப்போதும் வற்றும் என்ற தவறான எண்ணத்தைத் திருத்தும் சிறு பாடம்



"சுனாமி வருமுன் கடல் வெகுதூரம் உள்வாங்கும்; அதைக் கண்டால் ஓடித் தப்பலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் புவிநடுக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைப் பேரலைகள் தாக்கின. அதே நடுக்கத்தின் பின் தாய்லாந்தின் கரையில் கடல் முதலில் வற்றியது. இலங்கையின் கிழக்குக் கரையிலோ முதலில் ஏறியது. ஏன் இந்த வேறுபாடு?

வீட்டிலே ஒரு சோதனை செய்து பாருங்கள். அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதன் அடியில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் சிறு தட்டையான தகட்டை வையுங்கள். தகட்டின் ஒரு முனையைச் சட்டென்று கீழே அழுத்துங்கள், மறுமுனை மேலெழும். எழுந்த பக்கத்தில் நீர் மேடாகும். தாழ்ந்த பக்கத்தில் பள்ளமாகும். மேடு ஒரு திசையிலும் பள்ளம் மறுதிசையிலும் முதலில் புறப்படும்.

அன்று கடலடியிலும் இதுவே நடந்தது. பிளவின் மேற்குப் பக்கத்தில் கடற்றரை சில மீற்றர் உயர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. எனவே மேற்கே இருந்த நம் நாட்டுக்கு மேடு முதலில் வந்தது; கிழக்கே இருந்த தாய்லாந்துக்குப் பள்ளம் முதலில் சென்றது. பள்ளம் வந்து சேர்வதைத்தான் கடல் உள்வாங்குவதாகக் காண்கிறோம்.

அப்படியானால் நம் நாட்டில் கடல் வற்றவே இல்லையா? வற்றியது, ஆனால் முதல் அலைக்குப் பின்னர்! மேற்குக் கரையிலுள்ள களுத்துறையில் கடல் அவ்வாறு பின்வாங்கியதைச் செய்மதி படம்பிடித்தது. சுனாமி ஒரே அலையன்று; அலைகளின் வரிசை. இரண்டுக்கும் இடையே பல நிமிடங்கள், சில வேளை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பின்வரும் அலை முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். முதல் அலை வடிந்ததும் பொருள் எடுக்கவோ வேடிக்கை பார்க்கவோ கரைக்குத் திரும்புவது ஆபத்தாவது இதனால்தான்.

கடல் வற்றும்வரை காத்திருப்பதும் தவறே. 10 மீற்றர் ஆழமுள்ள நீரில்கூட சுனாமி விநாடிக்குச் சுமார் 10 மீற்றர் வேகத்தில் வரும். மணலில் உங்களால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது.

ஆகவே, கரையில் வலுவான நடுக்கத்தை உணர்ந்தாலும், கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் வற்றினாலும், பேரிரைச்சல் கேட்டாலும், ஒரே ஓர் அறிகுறி போதும். நடுக்கத்தை உணராவிட்டாலும், எச்சரிக்கை கிடைத்தால் போதும். கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் விலகுங்கள். உறுதியான மாடிக் கட்டடம் அருகில் இருந்தால் மேலே ஏறுங்கள். ஆபத்து நீங்கியதென அதிகாரிகள் அறிவிக்கும்வரை திரும்பாதீர்கள்.