உப்பு எங்கே போனது?

ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரித்தல் பாடத்தை நடத்தும்போது வடிகட்டி, புனல், முக்காலி என்று தேடி அலைவதை நான் விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து ஒரு தேநீர் வடிகட்டி, வெள்ளை வேட்டித் துணி, வாணலி, இரண்டு எவர்சில்வர் தட்டுகள். பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். மணலுக்குச் சிற்றாற்றங்கரை. இவ்வளவுதான்.

தென்காசிப் பக்கம் ஆற்றுமணலைக் கையில் அள்ளிப் பார்த்தால் கறுப்புத் துகள்கள் தெரியும். அவற்றுள் ஒரு பகுதி மேக்னடைட் எனும் இரும்புத் தாது. எனவே இரும்புத்தூளுக்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. மணலே கலவையாக வந்துவிடுகிறது. ஆனால் மணலைக் கழுவி, காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். குற்றாலச் சீசனில் சாரலுக்கு நடுவே அது காயாது. வாணலியில் வறுத்து ஆறவைத்து எடுத்துப் போவேன்.

ஒவ்வொரு குழுவுக்கும் 100 கிராம் மணலும் 10 கிராம் தூள் உப்பும் கலந்து தந்தேன். "எதை முதலில் பிரிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு குழு முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டது. பிறகு காந்தத்தைக் கொண்டுபோனபோது ஈர மணல் மொத்தமாகப் பையில் அப்பிக்கொண்டதே தவிர, கறுப்புத் துகள் தனியே வரவில்லை. நான் திருத்தவில்லை. பக்கத்துக் குழு உலர்ந்த கலவையைத் தட்டில் பரப்பி, பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தியபோது துகள்கள் முள்ளாய் எழுந்து ஒட்டின. இன்னொரு தட்டின் மேல் பையைப் பிடித்துக் காந்தத்தை மட்டும் உருவினால் அவை உதிர்ந்துவிடும். பையில்லாமல் வெறும் காந்தத்தைத் தொட்டால் துகள்களைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடு.

எல்லாக் கறுப்புத் துகளும் ஒட்டாது. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இல்மனைட் போன்றவை மிக வலுவான காந்தத்துக்கே இழுபடும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் ஆலையில் வலிமை மிக்க காந்தங்கள் பயன்படுவதை இங்கே சொல்லலாம்.

அடுத்து 100 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்கினோம். இந்த அளவுத் தண்ணீர் 35 கிராமுக்கு மேல் உப்பைக் கரைக்கும். 10 கிராம் எளிதில் கரைந்துவிடும். நான்காக மடித்த துணியை வடிகட்டியில் விரித்து வடித்தார்கள். தெளிந்த நீர் வந்ததும், "உப்பும் துணியில் நின்னுருச்சு டீச்சர்" என்றான் ஒருவன். சுவைத்துப் பார்க்க விடவில்லை. ஒரு சொட்டைச் சூடான தட்டில் விடச் சொன்னேன். உலர்ந்த இடத்தில் வெள்ளை வளையம் நின்றது.

வடிநீரை வாணலியில் நான் காய்ச்சினேன். மாணவர்கள் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். குழம்பு பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு வெடித்துத் தெறிக்கும். கண்ணுக்கும் ஆபத்து, கணக்கும் தப்பும். மீதி ஈரம் வாணலியின் சூட்டிலேயே போய்விடும்.

எடை போட்டால் 7 கிராம்தான். "மீதி ஆவியாப் போயிருச்சு டீச்சர்!" வகுப்பே ஒத்துக்கொண்டது. பாடத்தின் உண்மையான இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது. மறுநாள் மீதமிருந்த கொஞ்சம் உப்புநீரை மெதுவாகக் கொதிக்கவிட்டு, குளிர்ந்த தட்டை இடுக்கியால் பிடித்து ஆவியில் காட்டினேன். தட்டில் திரண்ட நீரில் ஒரு சொட்டைச் சூடான இன்னொரு தட்டில் உலர்த்தினோம். வளையம் இல்லை. ஆவியோடு உப்பு போகவில்லை.

அப்படியானால் எங்கே? ஒரு சிறுமி வடிநீரை அளந்து வைத்திருந்தாள்: ஊற்றியது 100 மில்லி, வந்தது 75. மீதி 25 மில்லி ஈர மணலில் இருக்கிறது. 100 மில்லியில் 10 கிராம் என்றால் 25 மில்லியில் இரண்டரைக் கிராம். கரும்பலகையில் கணக்கு வந்ததும் அவர்களே மணலில் மறுபடி 50 மில்லி நீர் ஊற்றி வடித்தார்கள். அந்த நீரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் கிடைத்தது. எஞ்சியதில் கொஞ்சம் மணலில், கொஞ்சம் துணியில், கொஞ்சம் வாணலியின் ஓரத்தில். வாணலியைச் சுரண்டிக் காட்டிவிட்டுத்தான் பையன்கள் கலைந்தார்கள்.

ஒரு குழுவின் உப்பு பழுப்பாக இருந்தது. மணலைச் சரியாகக் கழுவாததால் மெல்லிய களிமண் துணியின் கண்கள் வழியே இறங்கிவிட்டது. வெள்ளம் வரும் நாளில் பேரருவி செந்நிறமாக விழுவதை அவர்கள் பார்த்தவர்கள். அந்த நீரை எத்தனை மடிப்புத் துணியில் வடித்தால் தெளியும் என்று வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எட்டு மடித்தும் நிறம் போகவில்லை, ஓர் இரவு குடத்தில் வைத்ததும் அடியில் படிந்தது என்று இருவர் எழுதி வந்தார்கள்.