மலை இறக்கத்தில் அமுங்கிப்போன பிரேக்

கேள்வி: கல்லட்டி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பெடல் திடீரென மெத்தென்று உள்ளே போனது. காரை நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டதும் சரியாகிவிட்டது. பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. ‘டாட் 5’ ஊற்றினால் தீருமா?

பதில்: ஊற்றாதீர்கள். உங்கள் ஆயிலில் ஈரம் ஏறியிருக்க வேண்டும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூடக் காற்றின் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டிவிடும். உள்ளே நீராவிக் குமிழி உண்டாகும்; ஆவி அமுங்கும் என்பதால் உங்கள் மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறியதும் குமிழி அடங்குவதால் பெடல் பழையபடி இறுகும். அதை நம்பி ஓட்டுவது ஆபத்து.

டாட் 5 சிலிகான் வகை. கிளைக்காலோடு கலக்காது, தண்ணீரையும் ஏற்காது. உள்ளே வரும் நீர் தனித்துளியாகத் தாழ்வான காலிப்பரில் தங்கி, 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும், துருவும் பிடிக்கும். 5.1 என்ற எண்ணைப் பார்த்து இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே, சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். மேலே டப்பாவில் மட்டும் மாற்றினால் காலிப்பரில் பழசே நிற்கும். இனி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.