மறுப்புக்கு ஒரு மறுமொழி

ஆர். கே. நாராயண் தம் முதல் புதினமான ‘சுவாமியும் நண்பர்களும்’ நூலை இங்கிலாந்துப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். அது ஒவ்வோர் இடத்திலிருந்தும் திரும்பி வந்தது. மனம் தளர்ந்த அவர், ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு, கையெழுத்துப்படியைக் கல்லோடு கட்டித் தேம்சு ஆற்றில் எறிந்துவிடுமாறு எழுதினார். நண்பரோ அதனை ஆற்றில் எறியாமல் எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீனின் பரிந்துரையால் 1935இல் அந்நூல் வெளிவந்தது.

எல்லா எழுத்தாளர்க்கும் அத்தகைய நண்பர் வாய்ப்பதில்லை. மறுத்த பதிப்பகத்தோடு உள்ள தொடர்பை, எழுதியவரே ஒரு மடலால் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மடலை எழுதும் முறையே இப்பாடத்தின் பொருளாகும்.

எடுத்துக்காட்டாக, காட்டுப்பாக்கத்தில் வாழும் எழுத்தாளர் ஒருவரைக் கொள்ளலாம். பன்னிரண்டு சிறுகதைகள் அடங்கிய தொகுப்பை அவர் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புகிறார். மூன்று திங்களுக்குப் பின் மறுப்பு மடல் வருகிறது. அதில் இரண்டு காரணங்கள் உள்ளன. இவ்வாண்டுக்குரிய நூல்கள் முன்னரே முடிவாகிவிட்டன என்பது ஒன்று. நான்கு கதைகள் ஒரே வகையில் முடிகின்றன என்பது மற்றொன்று.

அன்றிரவே அவர் ஒரு மறுமொழி எழுதுகிறார். “தங்கள் வாசிப்பு மேலோட்டமானது” என்று அது தொடங்குகிறது. அக்கதைகளைப் பாராட்டிய நண்பர்களின் பெயர்களைப் பட்டியலிடுகிறது. முடிவை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டுகிறது. நல்வாய்ப்பாக, அதனை அவர் அனுப்பவில்லை. மூன்று நாள் கழித்துப் படிக்கும்போது, அம்மடல் பதிப்பாசிரியரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளுவதை உணர்கிறார். மறுத்தவர் தம் மறுப்பை நிலைநாட்ட முனைந்தால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து அவர் செய்வது, இரு காரணங்களையும் பிரித்து நோக்குவதாகும். நூல்கள் முன்னரே முடிவானமை பதிப்பகத்தின் சூழல்; அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. கதைமுடிவுகள் பற்றிய குறிப்போ எழுதியவரின் கையில் உள்ளது. நான்கு கதைகளையும் மீண்டும் படிக்கிறார். நான்கிலும் முதன்மை மாந்தர் ஊரைவிட்டு நீங்குவதே முடிவாக இருப்பதைக் காண்கிறார். அதன்பின் அவர் எழுதிய மடல் வருமாறு:

“அன்புடையீர், வணக்கம். என் சிறுகதைத் தொகுப்பைப் படித்துத் தங்கள் முடிவைத் தெரிவித்தமைக்கு நன்றி. நான்கு கதைகளின் முடிவுகள் ஒத்திருப்பதாகத் தாங்கள் சுட்டியிருந்தீர்கள். அக்கதைகளை மீண்டும் படித்தபோது நானும் அதனை உணர்ந்தேன். அவற்றைத் திருத்தி எழுதி வருகிறேன். இப்பணி நிறைவடைய ஆறு திங்கள் ஆகலாம். அதன்பின் தொகுப்பை மீண்டும் அனுப்பத் தாங்கள் இசைவளிப்பீர்களாயின் மகிழ்வேன். தங்கள் முடிவு எதுவாயினும், இக்குறிப்பு எனக்குப் பயன்பட்டது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.”

இம்மடலில் நன்றி பொதுப்படையாக நிற்கவில்லை. படித்ததற்கும் குறிப்பு உரைத்ததற்கும் உரியதாக அமைகிறது. குறிப்பை எழுத்தாளர் உண்மையாகவே ஆராய்ந்தார் என்பதும் விளங்குகிறது. வேண்டுகோள் ஒன்றே உள்ளது. “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரு வரியில் விடையளிக்கத் தக்கதாக இருப்பதால், அது பதிப்பாசிரியருக்குச் சுமையாவதில்லை. புதிய படைப்பு எதுவும் மடலோடு இணைக்கப்படவில்லை. கேளாமல் இணைப்பது, மடலைப் படிப்பவர் தலையில் மற்றொரு வேலையைச் சுமத்துவதாகும்.

பதிப்பாசிரியர் கூறிய குறை சரியன்று என எழுத்தாளர் கருதினால் என்ன செய்வது? ஒப்புக்கொண்டதாகப் பொய்யுரைத்தல் தகாது. திருத்தம் செய்யாமல் மீண்டும் அனுப்பும்போது அப்பொய் வெளிப்பட்டுவிடும். குறிப்புக்கு நன்றி கூறி, வேறொரு படைப்பை அனுப்ப இசைவு கேட்பதே நேர்மையான வழியாகும். காரணம் எதுவும் கூறாமல், எல்லார்க்கும் பொதுவாக அச்சிடப்பட்ட மறுப்பு வந்தால் மறுமொழி தேவையில்லை. அடுத்த படைப்பை முறைப்படி அனுப்பினால் போதும்.

பதிப்பகம் இசைந்தால், ஆறு திங்களில் திருத்தம் முடியாவிடினும் குறையுள்ள படியை விரைந்து அனுப்புதல் கூடாது. திருத்திய தொகுப்போடு செல்லும் மடலில் முந்தைய மடலின் நாளையும், மாற்றப்பட்ட நான்கு கதைகளின் பெயர்களையும் குறிப்பிட வேண்டும். நாள்தோறும் பல கையெழுத்துப்படிகளைக் காணும் பதிப்பாசிரியர் பழையதை நினைவில் வைத்திருப்பார் என எதிர்பார்க்க இயலாது. தாம் கூறிய குறை எங்கே களையப்பட்டுள்ளது என்பதை அவ்விரண்டு வரிகள் அவருக்குக் காட்டும். அவர் அந்த நான்கு கதைகளிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.